முதலில் மணி பார்க்கட்டும்

மேடம், நாங்கள் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். வீட்டில் வாய் ஓயாது, வெளியாள் யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுவான். பதினோராம் வகுப்புக்கு வேறு பள்ளியில் விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் 6 வாரத்தில் இன்டர்வியூ. டியூஷன் சார் 40 கேள்வி பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நடக்கும் பேச்சு கிளப்பிலும் சேர்த்தோம். முதல் வாரமே மேடையில் ஏற்றிவிட்டார்கள். வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு இறங்கி வந்தவன், இனிமேல் போகவே மாட்டேன் என்கிறான். வற்புறுத்தி அனுப்பலாமா, விட்டுவிடலாமா?
— ஒரு தாய், மயூர் விஹார்

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆனால் இந்த ஞாயிறு பேச வேண்டாம், மணி பார்த்தால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆர்.கே.புரத்தில் குடியிருந்த குடும்பம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். வந்த புதிதில் ஏழாம் வகுப்பில் அவளுக்கு ஒன்று நடந்தது. மதிய இடைவேளை முடிந்ததும் ஆசிரியை, சாப்பிட்டாயா என்று இந்தியில் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து ‘கானா கா லியா’ என்றாள். நம் எழுத்தில் இப்படித்தான் எழுத முடியும், சிக்கலும் அங்கேதான். இந்தியில் நான்கு ‘க’ உண்டு, நம் நாக்குக்கு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சாப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தவள் ‘பாட்டுப் பாடிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது, ஆசிரியையும் சிரித்தார். அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் அவளுக்குப் ‘பாட்டு’ என்றே பெயர். பத்தாம் வகுப்பு முடியும்வரை அவள் தானாகக் கை தூக்கியதே இல்லை.

என்னிடம் வந்தபோது அவளுக்கும் ஒரு இன்டர்வியூ காத்திருந்தது, 7 வாரம் இருந்தது. கையில் ஒரு நோட்டு, அதில் வரி வரியாக எழுதி மனப்பாடம் செய்த பதில்கள். ‘உன் பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்டேன். வாசிப்பது என்று தொடங்கி, அழகான ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் ஒப்பித்தாள். ‘கடைசியாக என்ன வாசித்தாய்?’ என்றேன். அது நோட்டில் இல்லை. கழுத்து சிவந்து, கண் தரைக்குப் போய்விட்டது.

பதினோராம் வகுப்பு இன்டர்வியூக்களில் ஆலோசகராக நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் 10, 15 நிமிடம்தான். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், உன்னைப் பற்றிச் சொல். இரண்டாவது கேள்வி முதல் பதிலிலிருந்து முளைக்கும், மூன்றாவது இரண்டாவதிலிருந்து. 40 பதில் படித்தாலும் 400 பதில் படித்தாலும், இரண்டாவது கேள்வியிலேயே பிள்ளை புத்தகத்துக்கு வெளியே வந்து நிற்கும். அதோடு, மனப்பாடப் பதிலில் ஒரு சொல் நழுவினால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே சரியும். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இந்த நோட்டு கைத்தடி மாதிரி தெரியும், ஆனால் பேசும்போது கவனம் முழுவதும் ‘அடுத்த வரி என்ன’ என்று உள்ளேயே இருக்கும். எதிரே இருப்பவர் கேட்டது காதில் விழாது. டியூஷன் சார் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. அந்த 40-ஐ இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள்.

அவளை நான் போய்வரும் ஒரு பேச்சு கிளப்புக்கு அனுப்பினேன். குடியிருப்பு ஒன்றின் சமுதாயக் கூடம், ஞாயிறு காலை 10 மணி, பதினான்கு பதினைந்து பிள்ளைகள், பேச்சை விடச் சத்தமாக ஓடும் ஒரு ஏர் கூலர். இந்த வகை கிளப்புகள் பலவும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையைப் பின்பற்றுபவை. 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய அமைப்பு அது. அதில் உறுப்பினராக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சின்னவர்களுக்கு ‘கேவல் கிளப்’ என்று தனியாக உண்டு. அந்தப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிப் படித்துவிடாதீர்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, பேச்சாளர் அல்லாதவர்களுக்கும் வேலை இருப்பதுதான். ஒருவர் நேரம் பார்ப்பார். இன்னொருவர் பேசுபவர்கள் எத்தனை முறை ‘ஆ’, ‘ம்ம்’ என்று இழுக்கிறார்கள் என்று எண்ணுவார். மற்றொருவர் மொழியைக் கவனிப்பார். கூட்டம் முடியும்போது மூவரும் எழுந்து தங்கள் குறிப்பை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ வாசிக்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை ஏற வேண்டிய படிகள் இவைதான். உங்கள் மகனை அந்த கிளப்பில் மூன்று படி தாண்டி நேராக மொட்டை மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

படிகளை நானும் அவளும் ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு என்று 10-க்கு மதிப்பெண் போடச் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருப்பது 2. நேரம் பார்ப்பது 3. குறிப்பை வாசிப்பது 5. தமிழில் ஒரு நிமிடம் பேசுவது 6, ஆங்கிலத்தில் என்றால் 8. இன்டர்வியூவுக்கு 10 போட்டுவிட்டு, பக்கத்தில் சின்னதாக ‘11’ என்றும் எழுதினாள்.

முதல் ஞாயிறு கதவோரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். இரண்டாவது ஞாயிறு நேரம் பார்த்தாள். திடீர்த் தலைப்பில் பேசுபவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள், இரண்டு நிமிடத்தில் சிவப்பு. மேடையில் இருப்பவர் அவளை அடிக்கடி பார்ப்பார், ஆனால் பார்ப்பது அவள் கையில் இருக்கும் அட்டையைத்தான். முகத்தை ஒளிக்காமல் ஒரு கூடத்தின் முன் உட்கார்ந்து பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடைசியில் எழுந்து வாசித்தாள். முதலாவது பேச்சாளர் 1 நிமிடம் 40 வினாடி, இரண்டாமவர் 58 வினாடி, இப்படி ஐந்து பேர். வெறும் எண்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் ‘எனக்கு எவ்வளவு, இன்னொரு தரம் சொல்லு’ என்றான். தான் சொன்னதை ஒருவர் திரும்பக் கேட்டது, இந்த ஊருக்கு வந்தபின் அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு ‘ம்ம்’ எண்ணும் வேலை. கூட்டம் முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அந்த கிளப்பில் எப்போதும் பரிசு வாங்கும் ஒரு பையன் உண்டு, தலைமைச் செயலகத்துக்கே போய்விடுவான் என்று எல்லோரும் சொல்லும் ரகம். ‘மேடம், அவனுக்கே 23!’ என்றாள். அவன் பேசும்போது அந்த இருபத்து மூன்றும் யார் காதிலும் விழவில்லை. எண்ணியவளுக்கு மட்டும்தான் தெரியும். கூச்சமுள்ளவர்கள் பேசும்போது தங்களையே உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். குரல் நடுங்குகிறதே, கை வியர்க்கிறதே, எல்லோருக்கும் தெரிகிறதே என்று. எண்ணும் வேலை அந்தக் காதை வெளியே திருப்பிவிடுகிறது. தன் நடுக்கம் வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது என்று நம்புவது பேசுபவர்கள் எல்லோருக்கும் உள்ள மயக்கம். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். ‘உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது’ என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்ட மாணவர்கள், சொல்லப்படாதவர்களை விட நன்றாகப் பேசினார்கள். நான் சொல்லியிருந்தால் இவள் நம்பியிருக்க மாட்டாள். 23 என்று தானே எண்ணிய பிறகு நம்பினாள்.

நான்காவது ஞாயிறுதான் பேச்சு. ஒரு நிமிடம், தமிழில். கிளப் நடத்துபவர் வடக்கத்திக்காரர், ஒரு சொல் புரியாது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். தலைப்பு, உங்கள் வீட்டில் அதிகம் சத்தம் போடும் பொருள். விடிகாலையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து மோட்டார் போடும் வீடுகளை டெல்லியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், அந்த மோட்டாரைப் பற்றித் தொடங்கினாள். 35 வினாடியில் நின்றுவிட்டது. மூளை வெள்ளைத் தாளாகிவிட்டது என்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, கை தட்டி உற்சாகப்படுத்தவும் இல்லை. முன்பே அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். ஏழெட்டு வினாடி அப்படியே நின்றாள். அப்புறம் ‘அந்த மோட்டாரை அணைக்க மறந்தால் அப்பா போடும் சத்தம் அதைவிடப் பெரிசு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த ஏழெட்டு வினாடிதான் மொத்தக் கதையிலும் முக்கியமான இடம் என்பது என் எண்ணம். பயம் ஏறும்போது மலை மாதிரி ஏறும், நின்ற இடத்திலேயே நின்றால் தானாக இறங்கத் தொடங்கும். உச்சியில் இருக்கும்போது இறங்கி ஓடிவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை அதே மேடைக்கு 6-க்குப் பதில் 9 போடும். உங்கள் மகனுக்கு நடந்தது இது. அவன் நின்றது தோல்வி இல்லை, இறங்கி வந்ததும் பெரிய குற்றம் இல்லை. இப்போது அப்படியே விட்டுவிட்டால் அந்தக் கணக்கு உறுதியாகிவிடும். அதே மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாலும் உறுதியாகிவிடும். அதனால்தான் கீழ்ப்படிக்குப் போகச் சொல்கிறேன்.

அவளுக்கும் சறுக்கல் வந்தது. ஐந்தாவது ஞாயிறு காலை வயிற்றுவலி. அம்மா போன் செய்து, இன்று ஓய்வெடுக்கட்டுமா என்றார். அந்த வலி நடிப்பில்லை, பயத்தில் குடல் உண்மையாகவே முறுக்கும். காய்ச்சலோ வாந்தியோ இல்லை என்று கேட்டுக்கொண்டு, பேச வேண்டாம், அட்டை பிடித்துவிட்டு வரட்டும் என்றேன். வந்தாள், பிடித்தாள். பதினொன்றரைக்கு வலி போய்விட்டது. படி இறங்கலாம், வீட்டோடு இருந்துவிடக் கூடாது. வயிறு சரியாகும்வரை காத்திருந்தால் ஞாயிறுதோறும் வயிறு வலிக்கும்.

ஆறாவது ஞாயிறு, தயாரித்த பேச்சு, ஆங்கிலத்தில். முதல் பேச்சுக்கு வழக்கமாக 4 முதல் 6 நிமிடம் தருவார்கள். எழுதி மனப்பாடம் செய்யக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து சொற்கள் எழுதிக்கொள், அவ்வளவுதான் என்றேன். என்ன பேசப் போகிறாள் என்று எனக்கும் சொல்லவில்லை. மேடையேறி, ‘என் பழைய பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு’ என்று தொடங்கினாள். சாப்பாடு பாட்டான கதையை, அந்த ‘க’ விவகாரத்தோடு, ஆசிரியையின் குரலிலேயே நடித்துக் காட்டினாள். இந்தி பேசும் பிள்ளைகளை நம் ‘ழ’வைச் சொல்லச் சொன்னாள். யாருக்கும் வரவில்லை. கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். குரல் நடுங்கியது, முதல் ஒரு நிமிடம் நன்றாகவே நடுங்கியது. அவள் அம்மா போனில் எடுத்த பதிவை மறுநாள் மூவரும் பார்த்தோம். ‘எங்கே நடுங்குகிறது, காட்டு’ என்றேன். இரண்டு இடம் காட்டினாள். பதினைந்து இடமாவது இருக்கும் என்று நினைத்து வந்தவள்.

ஏழாவது வாரம் கிளப்பில் மூன்று பெரியவர்களை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து மாதிரி இன்டர்வியூ நடத்தினோம். அவளுக்கு அறிமுகமில்லாத முகங்களாகத் தேடிப் பிடித்தோம். தெரிந்த மாமா கேட்டால் அது விளையாட்டாகிவிடும். தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் பழகினோம்: கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டு நிஜமாகவே யோசிக்க வேண்டும். மூன்று நான்கு வினாடி மௌனம் பேசுபவருக்கு ஒரு யுகம், கேட்பவருக்கு இயல்பு. ஆங்கிலம் நடுவில் அடைத்துக்கொண்டால், ‘இதை இந்தியில் சொல்லலாமா’ என்று கேட்கலாம் என்றும் சொல்லி வைத்தேன். நான் உட்கார்ந்த இடங்களில் அப்படிக் கேட்ட பிள்ளையை யாரும் குறைத்து மதிப்பிட்டதில்லை. பதிலே வராமல் போவதுதான் எங்களுக்குக் கஷ்டம், பிள்ளையைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

நிஜ இன்டர்வியூவில் பொழுதுபோக்கு பற்றிக் கேட்கவே இல்லை. கணக்கில் முன்தேர்வை விடப் பாதி ஆண்டுத் தேர்வில் ஏன் மதிப்பெண் குறைவு என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், யோசித்தாள், முக்கோணவியல் அப்போது புரியவில்லை, அப்புறம் அப்பா உட்கார வைத்துச் சொல்லித் தந்தார் என்றாள். உள்ளே போகும்முன் பயம் எவ்வளவு என்று கேட்டிருந்தேன், 8. வெளியே வந்தபோது 4. கேட்ட அறிவியல் பிரிவு அந்தப் பள்ளியில் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியலில் வைத்து, கடைசியில் வணிகவியல் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வேறொரு பள்ளியில் சேர்ந்தாள். அங்கேயும் இன்டர்வியூ இருந்தது, அதற்கு என்னிடம் யோசனை கேட்கவில்லை.

இனி உங்களுக்கு. இன்டர்வியூ அறைக்குள் பெற்றோரையும் கூப்பிடுவார்கள். கேள்வி பையனைப் பார்த்து வரும், பதில் அம்மாவிடமிருந்து வரும். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அவன் மௌனமாக இருக்கும் மூன்று வினாடியைப் பொறுக்க முடியாமல் நாம் உள்ளே குதித்துவிடுகிறோம். ‘வீட்டில் நல்லா பேசுவான் சார்’ என்ற வாக்கியமும் வேண்டாம், அது அவன் காதில் ‘இப்போது நீ பேசவில்லை’ என்றுதான் விழும். வீட்டுக்கு விருந்தினர் வரும்போதே இதைப் பழகுங்கள். அவனைக் கேட்டால் அவன் சொல்லட்டும், நீங்கள் காப்பி கலக்கப் போய்விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது கூச்சம் என்றே தோன்றுகிறது. ஆனால் பள்ளிக்கே போக மறுக்கிறானா, மற்றவர் முன் சாப்பிடவோ கடையில் பொருள் கேட்கவோ கூட முடியவில்லையா, இது 6 மாதத்துக்கு மேலாக நடக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம், பேச்சு கிளப் மட்டும் போதாது. அதற்கென்று முறையான உளவியல் சிகிச்சை உண்டு, பலன் தரும். உங்கள் பக்கத்தில் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அது இல்லையென்றால், இன்று மாலையே கிளப் நடத்துபவருக்குப் போன் செய்யுங்கள். ‘இரண்டு வாரத்துக்கு என் மகனை மேடைக்குக் கூப்பிட வேண்டாம், அட்டை பிடிக்கும் வேலை கொடுங்கள், கடைசியில் நேரத்தை மட்டும் வாசிக்கட்டும்’ என்று கேளுங்கள். முடியாது, இங்கே வந்தால் பேசித்தான் ஆக வேண்டும் என்று சொன்னால் வேறு கிளப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் மகனிடம் போய், பேச வேண்டியதில்லை, மணி பார்க்க ஆள் வேண்டுமாம், போகிறாயா என்று கேளுங்கள். உங்களிடம் 6 வாரம் இருக்கிறது, அவளுக்கு 7 இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த முதல் வாரத்தை அவன் ஏற்கெனவே தாண்டிவிட்டான்.